ரா ஃபைல் மட்டும் போதாது, பக்கத்து ஃபிரேம்களையும் எடுத்து வையுங்கள்

கேள்வி: பினாங்கு தைப்பூசத்தில் ரதம் வரும் வழியில் தேங்காய் உடைப்பதை எடுத்தேன். அந்தப் படம் தன்னுடையது என்று இன்னொருவர் சொல்கிறார். ரா ஃபைல் என்னிடம் இருக்கிறது. அது போதுமா?

பெரும்பாலும் போதும், ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். ஒருவர் உங்கள் படத்தைத் திரையில் போட்டு, தன் கேமராவால் அதைப் படமெடுத்தால் அவரிடமும் ஒரு ரா ஃபைல் இருக்கும். ஜேபெக்கை டிஎன்ஜியாக மாற்றிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அதனால் மெமரி கார்டிலிருந்து இறங்கிய ஃபைலை மாற்றாமல் அப்படியே வைத்திருங்கள்.

அசைக்க முடியாத சான்று, அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்கள்தான். விநாடிக்கு 10 ஃபிரேம் வேகத்தில் எடுத்திருந்தால் இரண்டுக்கும் இடையே 0.1 விநாடிதான். நீங்கள் வெளியிட்டது 4127 என்று வைத்துக்கொள்வோம். 4126இல் தேங்காய் இன்னும் தரையைத் தொட்டிருக்காது. 4127இல் தண்ணீர் சிதறுகிறது. 4128இல் ஓட்டுத்துண்டுகள் வேறு இடத்தில் கிடக்கின்றன, பின்னால் நிற்பவர் கண்ணை மூடிவிட்டார். உங்கள் படத்தைத் திரையிலிருந்து சுட்டவரால் இந்த அசைவைக் காட்ட முடியாது. அவர் எத்தனை முறை அழுத்தினாலும் ஒரே துளி ஒரே இடத்தில் நிற்கும்.

நிக்கான் கேமரா என்றால், அந்தத் தொடரை ஒரு ஃபோல்டரில் போட்டு, ஃபைலின் விவரங்களைக் காட்டும் exiftool என்ற நிரலை இப்படி ஓட்டுங்கள்:

```
exiftool -FileName -SubSecDateTimeOriginal -SerialNumber -ShutterCount *.NEF
```

கேமரா எண் மாறாமல், ஷட்டர் எண்ணிக்கை ஒவ்வொன்றாக ஏற வேண்டும். நடுவில் நேர இடைவெளி சற்றுக் கூடியிருந்தால் பயப்பட வேண்டாம், பஃபர் நிரம்பினால் கேமரா மெதுவாகும். இந்த விவரங்களைத் திருத்த முடியும் என்று எதிராளி சொல்வார். உண்மைதான். அதனால்தான் எண்களைத் தனியாக நீட்டாமல் படங்களின் அசைவோடு சேர்த்துக் காட்ட வேண்டும். கேமரா கடிகாரம் தப்பாக இருந்திருந்தால் ஃபைலில் கை வைக்காதீர்கள். கடிகாரத்தையும் திருத்தாமல், அதே கேமராவால் இப்போது கைப்பேசியின் மணியைப் படமெடுங்கள், எவ்வளவு வித்தியாசம் என்று அதுவே சொல்லிவிடும்.

நண்பர் யாராவது உங்களைப் பக்கவாட்டில் எடுத்திருந்தால் அதையும் கேளுங்கள். அதே தேங்காய்க் குவியல், அதே கடைப் பலகை, நீங்கள் நின்ற இடம் எல்லாம் அதில் தெரிந்தால் நல்லது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வாங்காதீர்கள், நேரமும் இடமும் அழிந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பலர் கோட்டை விடுவது வேறு இடத்தில். கார்டில் இடம் வேண்டுமென்று நல்ல படத்தை வைத்துக்கொண்டு பக்கத்து ஃபிரேம்களை அன்றிரவே அழித்துவிடுகிறார்கள். முன்னால் மூன்று, பின்னால் மூன்று ஃபிரேமாவது இருக்கட்டும்.

ரா ஃபைலை யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பினால் அவரிடமும் அதே ஃபைல் இருக்கும். நேரில் உங்கள் கணினியில் திறந்து காட்டுங்கள். படத்தை கிராப் செய்து வெளியிட்டிருந்தால், முதலில் எதிராளியிடம் கேளுங்கள்: இடது ஓரத்துக்கு வெளியே என்ன இருக்கிறது? அவர் பதில் சொன்ன பிறகு முழு ஃபிரேமைத் திறக்கலாம்.