அச்சிட்ட கப்பில் குடிக்கலாமா?

கேள்வி: வீட்டில் த்ரீடி பிரிண்டர் இருக்கிறது. பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் ஃபிலமென்ட் இழை வந்த பெட்டியில் 'உணவுக்கு ஏற்றது' என்று போட்டிருந்ததால் பிள்ளைகளுக்குப் பால் குடிக்க ஒரு கப், பிஸ்கட் வெட்ட நட்சத்திரக் கட்டர், தின்பண்டம் வைக்க ஒரு டப்பா அச்சிட்டேன். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டு நன்றாகத்தான் கழுவுகிறேன். தொடர்ந்து பயன்படுத்தலாமா?

பதில்: கப்பை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கட்டரைச் சில நிபந்தனைகளோடு வைத்துக்கொள்ளலாம். டப்பாவில் உறை பிரிக்காத, காய்ந்த பண்டங்களை மட்டும் போடுங்கள்.

கப்பில் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், நீங்கள் எவ்வளவு தேய்த்தாலும் அதைச் சுத்தம் செய்ய முடியாது. உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் வழக்கமான 0.4 மில்லிமீட்டர் நாசிலில், 0.2 மில்லிமீட்டர் உயர லேயர்களாக அச்சிட்டிருப்பீர்கள். ஒரு கயிற்றை வட்டமாகச் சுற்றி அடுக்கியதுபோலத்தான் அந்தச் சுவர் எழும்புகிறது. ஒவ்வொரு சுற்றின் விளிம்பும் உருண்டையாக இருப்பதால், இரண்டு சுற்றுகளுக்கு நடுவே ஒரு குறுகிய பள்ளம் விழும். நம் கண்ணுக்கு அது வெறும் கோடு. பாக்டீரியா ஒன்றின் நீளமோ ஒன்றிரண்டு மைக்ரான்தான். ஒரு லேயர் உயரத்துக்குள் நூறு பாக்டீரியாக்கள் வரிசையாக நிற்கலாம். பிரஷ்ஷின் நார் அந்தப் பள்ளத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும், அடிவரை இறங்காது. அங்கே தங்கும் பால் ஈரத்தில் கிருமிகள் பெருகி, வழவழப்பான ஒரு படலத்தால் தங்களை மூடிக்கொள்ளும். அதன் பிறகு சோப்புத் தண்ணீரை ஊற்றி அலசினால் மட்டும் போகாது.

மேல்பரப்புப் பள்ளமாவது வெளியே தெரிகிறது. சுவர் வழியாக உள்ளே போகும் கசிவுதான் இன்னும் மோசம். ஒவ்வொரு லேயரும் தொடங்கி முடியும் தையல் போன்ற கோட்டிலும், சுவரும் அடிப்பாகமும் சேரும் இடத்திலும் மிக நுண்ணிய இடைவெளிகள் இருக்கும். திரவம் அதன் வழியே நுழைந்து, சுவருக்குள் இருக்கும் வெற்றுக் கூடான இன்ஃபில் பகுதியில் தேங்கிவிடும். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். காய்ந்த கப்பைச் சமையலறைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அடர்ந்த நிறம் கலந்த தண்ணீரை ஊற்றி ஓர் இரவு விட்டு, காலையில் கொட்டி, உள்ளும் புறமும் ஒற்றித் துடைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு கிராம் கூடியிருந்தால் தண்ணீர் சுவருக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். நான் முதலில் அச்சிட்ட கப் ஒன்றைச் சில நாள் பாலுக்குப் பயன்படுத்திவிட்டு ரம்பத்தால் குறுக்கே அறுத்தேன். வெளியே பளிச்சென்று இருந்தது. அறுத்ததும் புளித்த வாடை மூக்கில் ஏறியது. இன்ஃபில் கூடுகளின் மூலைகளில் மஞ்சளாகப் பிசுக்கு ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து அச்சிட்ட எதிலும் நான் குடிப்பதில்லை.

கொதிநீரில் போட்டால் கிருமி செத்துவிடாதா என்று தோன்றும். பிஎல்ஏ ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸிலேயே இளகிக் கோணிவிடும். இன்னொரு ஃபிலமென்ட் வகையான பிஇடிஜி 80 டிகிரி வாக்கில் இளகும். அதிகச் சூடு தேவைப்படும் பரப்பு இது, ஆனால் அந்தச் சூட்டைத் தாங்காத பொருள். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் சிக்கல்.

சரி, பெட்டியில் எழுதியிருக்கிறதே? அது பெட்டிக்குள் இருக்கும் ஃபிலமென்ட்டைப் பற்றிய வாசகம். உங்கள் பிரிண்டர் வழியாக வெளிவந்த கப்பை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சுத்தமான பிஎல்ஏ உணவுக்கு ஒத்துக்கொள்ளும் பிளாஸ்டிக்தான். அதோடு சேர்க்கும் நிறமிகளும், வலுவுக்காகவும் பளபளப்புக்காகவும் கலக்கும் பொருட்களும் என்னென்ன என்று பெரும்பாலும் உறையில் போடுவதில்லை. அப்புறம், பித்தளை நாசிலைக் கடைவது எளிதாக இருக்கட்டும் என்று அந்தப் பித்தளையில் சிறிதளவு ஈயம் சேர்ப்பதுண்டு. நேற்று அச்சிட்ட வேறு ஃபிலமென்ட்டின் மிச்சமும் நாசிலுக்குள் ஒட்டியிருக்கும். உணவைத் தொடும் எதையாவது அச்சிடுவதானால் துருப்பிடிக்காத எஃகு நாசிலை மாட்டி, நிறம் சேர்க்காத ஃபிலமென்ட்டைப் போடுங்கள். இருட்டில் ஒளிர்வது, மரத்தூள் அல்லது உலோகத்தூள் கலந்தது இவையெல்லாம் வேண்டவே வேண்டாம். திரவ ரெசினை இறுக வைத்து அச்சிட்டதை உணவுப் பக்கமே கொண்டுவராதீர்கள். முழுதாக இறுகாத ரெசின் மிச்சம் தோலில் பட்டாலே ஒவ்வாமை வரலாம்.

பிளாஸ்டிக்கிலிருந்து பொருட்கள் உணவுக்குள் இறங்குவது நேரம், சூடு, எண்ணெய், புளிப்பு இவற்றைப் பொறுத்துக் கூடும். கட்டருக்கு நான் சலுகை தருவது இதனால்தான். அது குளிர்ந்த மாவைத் தொடுவது ஓரிரு விநாடி. மாவும் பிறகு ஓவனில் வேகிறது. ஆனால் வேகாத மாவிலும் பச்சை முட்டையிலும் நோய்க்கிருமி இருக்க வாய்ப்புண்டு. இன்று கட்டரின் பள்ளத்தில் சிக்கிய மாவு அடுத்த வாரம் வரை அங்கேயே இருந்தால்தான் ஆபத்து.

உங்கள் நட்சத்திரக் கட்டரை இப்படிப் பயன்படுத்துங்கள். மாவை ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்துக் குளிர்பெட்டியில் வைத்து இறுக்கிக்கொள்ளுங்கள். அதன்மேல் உணவை மூடும் கிளிங் ஃபிலிம் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருக்கமில்லாமல் விரித்து, அந்தத் தாளின் மேலேயே கட்டரை அழுத்துங்கள். தாள் கிழியாமல் மாவு வெட்டுப்படும், கட்டரில் மாவு ஒட்டாது. பிஸ்கட்டின் மேல் ஓரம் கொஞ்சம் உருண்டையாக வரும், அது பார்க்கவும் நன்றாகவே இருக்கும். வெளிவடிவத்தை மட்டும் வெட்டும் கட்டருக்கு இந்த வழி ஒத்துவரும். கண், மூக்கு என்று உள்ளே நுணுக்கமாக முத்திரை பதிக்கும் கட்டரில் தாள் அந்தக் கோடுகளை மழுக்கிவிடும். அதை நேரடியாகத்தான் அழுத்த வேண்டும் என்றால், அன்றைய வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு முன் வெட்டும் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், விரலால் லேசாக வளைத்தும் பாருங்கள். அந்த விளிம்பு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. லேயர் பிரிந்தால் ஒரு சில்லு மாவுக்குள் போய்விடும், பிள்ளைகள் வாயில்தான் அது தட்டுப்படும். வெண்மையாக ஒரு கோடு தெரிந்தாலோ, 'டிக்' என்று சத்தம் வந்தாலோ, கழுவிக் காய்ந்த பிறகும் தொட்டால் பிசுபிசுத்தாலோ அந்தக் கட்டர் வேண்டாம்.

எபாக்சி பூசி மூடிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பூச்சு பள்ளங்களை நிரப்பும், உண்மைதான். உணவுக்கென்றே விற்கும் எபாக்சியாக இருக்க வேண்டும், சொன்ன விகிதத்தில் சரியாகக் கலக்க வேண்டும், தயாரிப்பாளர் சொல்லும் நாள் முழுக்க இறுக விட வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு கப்பைக் கீழே போட்டு ஒரு கீறல் விழுந்தால், அதன் வழியாக மறுபடி பால் உள்ளே போகும். அது உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. பிள்ளைகளின் கப்புக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் கப் வடிவம் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிருந்தால், அதை வெளிக்கூடாக மாற்றி அச்சிடுங்கள். வீட்டில் இருக்கும் எஃகுத் தம்ளர் ஒன்றின் அகலமான இடத்தை அளந்து, 72 மில்லிமீட்டர் என்றால் கூட்டின் உள்விட்டத்தை 73 என்று வையுங்கள். தம்ளரின் வாய் கூட்டுக்கு மேலே விரற்கடை அளவு நீண்டிருக்கட்டும், உதடு எஃகைத்தான் தொட வேண்டும். அடியில் ஒரு துளை விட்டால் சிந்தியது வடிந்துவிடும், உள்ளிருந்து தம்ளரைத் தள்ளி எடுக்கவும் வசதியாக இருக்கும்.