முழங்கும் மண்டபத்தில் ஒரு கிளிப் மைக்: ஓதல் ஒலிப்பதிவு பற்றிய கேள்வி-பதில்

வெள்ளவத்தையில் எங்கள் மண்டபத்தில் திருவாசகம் ஓதிப் பதிவுசெய்கிறோம். மண்டபம் 40 அடி நீளம், 26 அடி அகலம், 16 அடி உயரம். நிலம் டைல்ஸ், மேலே கொங்கிரீட். சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் கிளிப் மைக்கைக் குத்தியும் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போலவே இருக்கிறது. சுவரில் போர்வை கட்டினால் சரிவருமா?

கொஞ்சம் குறையும். நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்குக் குறையாது. கட்டுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் பார்த்துவிடுங்கள்.

மண்டபத்தின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். ஒலி முற்றாக அடங்க எத்தனை வினாடி எடுக்கிறது என்று எண்ணுங்கள். நீங்கள் சொல்லும் அளவில், வெறும் சுவரோடு, 3 வினாடி என்று வைத்துக்கொள்வோம். மண்டபத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 470 கன மீற்றர். அதை 3 ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 0.057 ஆல் பெருக்கினால் வருவது 0.71 மீற்றர். வாயிலிருந்து மைக் 71 சென்ரிமீற்றர் தள்ளி இருந்தால், நேரே வரும் குரலும் சுவர்களில் பட்டுத் திரும்பும் முழக்கமும் சரிபாதி என்பதுதான் இதன் பொருள். கிட்டப் போனால் குரலின் கை ஓங்கும். தூரத்தைப் பாதியாக்கினால் குரலின் பங்கு நாலு மடங்காகும், முழக்கம் அப்படியே இருக்கும்.

போர்வைக்கு வருவோம். 7 அடிக்கு 5 அடி அளவில் ஆறு தடித்த போர்வைகளைத் தொங்கவிட்டால், மண்டபத்தின் முழக்கம் கால் பங்குக்குச் சற்று மேல் குறையும். அவ்வளவுதான். ஆண் குரலின் அடித்தொனி அந்தத் துணியை மதிக்கவே மாட்டாது. மைக்கை 30 சென்ரிமீற்றரில் இருந்து 15 க்குக் கொண்டுவந்தால் முழக்கத்தின் பங்கு முன்பு இருந்ததில் கால்வாசியாகிவிடும். அதற்கு ஏணியும் வேண்டாம், ஆணியும் வேண்டாம்.

உங்கள் பொத்தான் மைக் வாயிலிருந்து 30 சென்ரிமீற்றர் இருக்கும். கணக்கின்படி குரல் முழக்கத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். அப்படியும் கிணற்றுச் சத்தம் கேட்பதற்குக் காரணம், குரலின் கூர்மையான பகுதி வாய்க்கு முன்னால் போகிறதே தவிர நெஞ்சுக்கு இறங்குவதில்லை. ச, ட, த போன்ற எழுத்துகளின் கூர் நெஞ்சில் மழுங்கிவிடும். மலிவான கிளிப் மைக் பெரும்பாலும் எல்லாத் திசையிலும் ஒரேயளவு கேட்கும் வகை. முன்னால் போன அந்தக் கூர், சுவரில் பட்டுச் சிதறித்தான் அதற்கு வந்து சேர்கிறது. கொலரில், நாடிக்கு நேர் கீழே குத்துவதும் சரியில்லை. தூரம் குறையும், ஆனால் நாடி மறைத்துக் குரல் தொண்டைக்குள் அமுங்கிப்போகும்.

நாடகக்காரர் செய்வதைச் செய்யுங்கள். ஓதுபவர் கண்ணாடி அணிபவர் என்றால், கண்ணாடியின் காலில் மைக் தலையை முன்பக்கம் பார்க்க வைத்து, மருந்துக்கடையில் வாங்கும் வெள்ளைக் காகிதப் பிளாஸ்டரால் ஒட்டுங்கள். கண்ணாடி இல்லாவிட்டால் கன்னத்தில், வாயின் ஓரத்தில் இருந்து ஓரங்குலம் தள்ளி ஒட்டலாம். வயரைக் காதின் மேலால் எடுத்துப் பிடரியில் இன்னொரு துண்டு பிளாஸ்டர் போட்டால் இழுபடாது. உதட்டுக்கு நேர் முன்னால் மட்டும் வேண்டாம், ப வரும் இடமெல்லாம் மூச்சு மோதி வெடிக்கும். பஞ்சுத் தொப்பியைக் கழற்ற வேண்டாம். பார்வைக்கு அழகில்லைதான், காணொளி எடுக்காவிட்டால் யாருக்கு என்ன?

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. புத்தகத்தைப் பார்க்கக் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் மைக் தலையோடு சேர்ந்தே அசையும். நெஞ்சில் குத்தினால், குனியும் அடி உரத்தும் நிமிரும் அடி மெலிந்தும் கேட்கும். நெஞ்சில்தான் வைப்பேன் என்றால் வியாசபீடத்தை ஒரு முக்காலியின் மேல் ஏற்றிக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். குனிய வேண்டி வராது. உருத்திராக்க மாலையையும் சால்வையையும் மைக் பக்கம் வரவிடாதீர்கள். மணி தட்டும் சத்தத்தைப் பிறகு நீக்க முடியாது.

சரிவந்ததா என்று பார்க்க ஓர் அடியை ஓதி, கடைசிச் சொல்லைச் சட்டென்று நிறுத்தி, இரண்டு வினாடி அசையாமல் இருங்கள். இயர்போனில் கேட்கும்போது, சொல் நின்ற பின்னும் நீளும் முழக்கத்தின் வால் எவ்வளவு உரக்கத் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். வால் இருக்கத்தான் செய்யும், அது மண்டபத்தின் குணம். சொல்லுக்கு மிகவும் தாழ்ந்து தொடங்கினால் போதும்.

கிளிப் மைக்கை போனில் செருகினேன். செருகினாலும் கழற்றினாலும் ஒரே மாதிரித்தான் பதிவாகிறது.

போன் தன் சொந்த மைக்கில்தான் பதிவுசெய்கிறது. மைக்கின் முளையைப் பாருங்கள். கறுப்பு வளையம் மூன்று இருந்தால் போனுக்கு உரியது, இரண்டு இருந்தால் கமெராவுக்கு உரியது. இரண்டு வளைய மைக்கை போனில் போட, போனுக்கென்று மாற்றித் தரும் ஒரு துண்டு வயர் தேவை. போனில் வட்டத் துளையே இல்லாவிட்டால் டைப்-சி மாற்றி வாங்க வேண்டும், அதிலும் பாட்டுக் கேட்க மட்டும் உதவுகிற மாற்றிகள் உண்டு. கடையிலேயே செருகிப் பதிவுசெய்து பார்த்து வாங்குங்கள்.

சோதிப்பது சுலபம். பதிவை ஓடவிட்டு, மைக்கின் வலையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். பிறகு போனின் அடிப்பக்கத்தைச் சுரண்டுங்கள். எந்தச் சுரண்டல் காதைக் கிழிக்கிறதோ அதுதான் வேலைசெய்யும் மைக். ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் இதைச் செய்யலாம், பத்து வினாடி வேலை.

கந்தபுராண படிப்பைப் பதிவுசெய்ய வேண்டும். ஒருவர் செய்யுளைப் படிப்பார், மற்றவர் பயன் சொல்வார். ஒரே முளையில் இரண்டு மைக் வரும் வகையை வாங்கலாமா?

முழங்கும் மண்டபத்தில் வேண்டாம். ஒருவர் படிக்கும்போது மற்றவரின் மைக் சும்மா இருப்பதில்லை, மண்டபத்தின் முழக்கத்தை அள்ளிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே வயரில் கலப்பதால் பிறகு பிரிக்கவும் முடியாது. குரல் ஒரு மடங்கு, முழக்கம் இரு மடங்கு.

மைக் எல்லாத் திசையிலும் கேட்கும் என்ற குறையையே இங்கே பயனாக்கலாம். இருவரையும் எதிரெதிரே, முழங்காலோடு முழங்கால் முட்ட இருத்துங்கள். கொஞ்சம் முன்சாய்ந்தால் வாய்க்கும் வாய்க்கும் 50 சென்ரிமீற்றர்தான் வரும். நடுவில், வாய் மட்டத்துக்கு நாலு விரல் கீழே, ஒரு மெல்லிய கம்பின் நுனியில் மைக்கைக் கட்டுங்கள். ஆளுக்கு 25 சென்ரிமீற்றர். இருவருக்கும் முன்னால் மைக் இருப்பதால் எழுத்துகளும் கூராக விழும். குரல் உரத்தவர் ஒரு சாண் பின்வாங்குவதைவிட, மைக்கை மெலிந்தவர் பக்கம் நாலு விரல் நகர்த்துவது நல்லது. முதலாவது வழி உரத்தவருக்கு முழக்கத்தைக் கூட்டும்; இரண்டாவது வழியில் மெலிந்தவருக்குக் குறையும்.

எட்டுப் பேர் சேர்ந்து ஓதுகிறோம். வட்டமாக இருந்து நடுவில் மைக்கை வைத்தால் போதுமா?

எட்டுப் பேர் சம்மணம் கட்டி வட்டமாக இருந்தால் நடுவுக்கு 75 சென்ரிமீற்றர் வந்துவிடும். மேலே சொன்ன மண்டபத்தில் அது சரிபாதிக் கோட்டுக்கும் வெளியே. ஆள் கூடினால் குரல் கூடும்தான், ஆனால் முழக்கமும் அதே அளவு கூடும், விகிதம் மாறாது.

ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் முறைக்கு மாறுங்கள். முன்னின்று சொல்பவரின் கன்னத்தில் மைக். மற்றவர்கள் ஒரு மீற்றர் தள்ளி, அவரை நோக்கி. சொல்பவர் தெளிவாகவும் கூட்டம் சற்று முழக்கத்தோடும் கேட்கும். கோயிலில் கேட்டுப் பழகிய காதுக்கு அது பிழையாகப் படாது. முழக்கம் அடங்க ஒரு மூச்சு விட்டு அடுத்த அடியைத் தொடங்க வேண்டும். அவசரப்பட்டால் முந்திய அடியின் வால் புதிய அடியின் தலையில் ஏறும்.

ஓதும்போது சுத்தமாக இருக்கிறது. இடைவெளி வந்ததும் ஃபேன் சத்தமும் ரயில் சத்தமும் பொங்கி எழுகின்றன. ஏன்?

போன் செய்யும் வேலை அது. ஒலி தாழ்ந்தால் தானே உயர்த்தும், உயர்ந்தால் தானே தாழ்த்தும். பேசுவதற்குத் தோதானது, ஓதலுக்கு எதிரி. இடைவெளியில் ஃபேனோடு சேர்த்து முழக்கத்தின் வாலையும் தூக்கிக் காட்டும். தானியங்கி ஒலியளவை நிறுத்தக்கூடிய பதிவுச் செயலி ஒன்றைப் போட்டு, WAV வகையில், மிக உரத்த அடிக்கு ஒலியளவு ஊசி -12 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். சிவப்பைத் தொட்ட பதிவு உடைந்த பதிவு, அதைத் திருத்த வழியில்லை.

ஃபேனை நிறுத்தத்தான் வேண்டும். காற்று மட்டுமல்ல, சுழலும் இதழ்களில் பட்டு முழக்கமே நடுங்கும். கொழும்புப் புழுக்கத்தில் ஒரேயடியாக ஒரு மணித்தியாலம் இருக்க முடியாது. ஒரு பதிகம் முடிந்ததும் பதிவை நிறுத்தி, ஃபேனைப் போட்டு, தண்ணீர் குடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்கரை ரயிலோடு சண்டைபிடித்துப் பயனில்லை. ஹோர்ன் கேட்டதும் நிறுத்தி, அந்த அடியை முதலில் இருந்து ஓதுங்கள். போனை விமானப் பயன்முறையில் போடுங்கள், சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். இரைச்சலுக்கு ஒரு காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

பதிவு முடிந்தது. Audacity-யில் Noise Reduction போட்டும் எதிரொலி போகவில்லை.

போகாது. அது மாறாமல் ஒரே சீராக இரையும் சத்தத்துக்கு உரியது. முழக்கம் என்பது உங்கள் குரலின் பிரதிதான், குரல் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். பலமாகப் போட்டால் தண்ணீருக்குள் இருந்து ஓதுவது போலாகும்.

முதலில் High-Pass Filter-ஐ 80 Hz-இல் போடுங்கள், வீதியின் உறுமல் குறையும். பிறகு Get Noise Profile-க்கு இரண்டு வினாடி மௌனத்தைத் தெரிவுசெய்யுங்கள். அந்த மௌனம் ஓதத் தொடங்குவதற்கு முன்னையதாக இருக்க வேண்டும். அடிகளுக்கு இடையில் எடுத்தால் அதில் முழக்கத்தின் வால் ஒட்டியிருக்கும், குரலையும் சேர்த்து அரித்துவிடும். குறைப்பு அளவு 6 முதல் 9 டெசிபல் போதும். Compressor பக்கமே போக வேண்டாம், அடங்கிக் கிடந்த வாலை அது மறுபடி மேலே தூக்கும். வெட்டி ஒட்டும்போது வால் முழுதாக அடங்கிய இடத்தில் வெட்டுங்கள். பாதியில் வெட்டினால் கதவைச் சாத்தியது போலக் கேட்கும்.