சப்மீட்டர் ரீடிங் எப்படி கரண்ட் பில் ஆகிறது?

"சப்மீட்டரில் 100 யூனிட்தான் ஓடியிருக்கிறது, ஏன் 500 ரூபாய் கேட்கிறார்கள்?"

சப்மீட்டர் என்பது மின்வாரிய மீட்டருக்குப் பின்னால் வீட்டுக்காரர் வைக்கும் உள்மீட்டர். இன்றைய ரீடிங் 1340, போன முறை 1240 என்றால் உங்கள் செலவு 100 யூனிட். ஆனால் வாரியம் மெயின் மீட்டரை மட்டுமே பார்க்கிறது. மூவர் ஏறிய ஆட்டோவுக்கு ஒரே மீட்டர் ஓடுவதுபோல.

ஒரே மெயின் மீட்டரில் இருக்கும் மூன்று வீடும் 100, 150, 350, மொத்தம் 600 யூனிட் என்போம். கணக்குக்காக விலையை எளிமையாக்கினால்:

முதல் 100 இலவசம்
அடுத்த 300 × ₹5 = ₹1500
கடைசி 200 × ₹7.50 = ₹1500

மொத்தம் ₹3000. அதை 600-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு ₹5. எனவே உங்களுக்கு ₹500, மற்றவர்களுக்கு ₹750, ₹1750. உங்கள் 100 யூனிட் தனி இணைப்பில் ஓடியிருந்தால் கட்டணமே வந்திருக்காது. கூட்டாகச் சேர்வதால்தான் மேல் ஸ்லாப் தொடுகிறது.

சப்மீட்டருக்குத் தனியாக 100 யூனிட் இலவசம் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சலுகை வாரியத்தின் இணைப்புக்குத்தான், உள்மீட்டருக்கு இல்லை.