எல்.டி.சி. என்னும் விடுப்புப் பயணச் சலுகைக்கு அட்வான்ஸ் வாங்கினால் கணக்கை எப்போது முடிக்க வேண்டும்?

கேள்வி: "திருச்சியில் மத்திய அரசு அலுவலகத்தில் லெவல் 6-ல் பணிபுரிகிறேன். 2022-25 என்ற நான்கு வருட பிளாக்கின் ஆல் இந்தியா எல்.டி.சி. பாக்கி இருக்கிறது. 2026 மே மாதம் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மாவுடன் ரயிலில் டார்ஜிலிங் போக ஆசை. அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அவரையும் சேர்க்கலாமா? அட்வான்ஸ் வாங்குவது நல்லதா?"

பதில்: பழைய பிளாக்கில் எடுக்காத சலுகையை அடுத்த பிளாக்கின் முதல் வருடத்தில் எடுக்கலாம். 2026 டிசம்பர் 31-க்குள் புறப்பட்டால் போதும், மே மாதப் பயணத்துக்குத் தடையில்லை.

அம்மாவின் மொத்த வருமானம் மாதம் ரூ.9,000 மற்றும் அதற்கான அகவிலைப்படிக்கு மேல் போகக் கூடாது. குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியம் மட்டும் என்றால் சேர்க்கலாம். ஆனால் வீட்டு வாடகை, வங்கி வட்டி என எது வந்தாலும் கணக்கில் சேரும். அலுவலகத்தில் நீங்கள் கொடுத்த குடும்ப விவரப் படிவத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயர் இல்லாததால் பில் திரும்பி வருவதை அடிக்கடி பார்க்கிறேன்.

விடுப்பு விண்ணப்பம், எல்.டி.சி. விண்ணப்பம், அட்வான்ஸ் கோரிக்கை மூன்றையும் ஒன்றாகக் கொடுங்கள். ஈட்டிய விடுப்பில் 10 நாளைப் பணமாக்க வேண்டுமென்றால் அதையும் அப்போதே எழுதிவிடுங்கள். நிர்வாகப் பிரிவு உங்கள் பணிப் பதிவேட்டைப் பார்த்து, இந்த பிளாக்கில் ஏற்கெனவே எடுக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே அனுமதி ஆணை வரும். சனி, ஞாயிறு மட்டும் போய்வந்தால் சலுகை கிடையாது. ஒரு நாளாவது விடுப்பு இருக்க வேண்டும், தற்செயல் விடுப்பானாலும் சரி.

அட்வான்ஸ் வாங்கலாம், ஆனால் தேதிகளில் கண்டிப்பாக இருங்கள். ஐந்து பேருக்கும் போக வர, உங்களுக்குத் தகுதியான இரண்டாம் ஏ.சி. கட்டணம் ரூ.40,000 என்று வைத்துக்கொள்வோம். 90 சதவீதம், அதாவது ரூ.36,000 வரை கிடைக்கும். பணம் வந்த 10 நாளுக்குள் டிக்கெட்டை அலுவலகத்தில் காட்ட வேண்டும். மே 24-ல் ஊர் திரும்பினால் ஜூன் 24-க்குள் பில் போய்விட வேண்டும். தவறினால் ரூ.36,000-ஐயும் அபராத வட்டியோடு ஒரே தவணையில் பிடிப்பார்கள். அப்புறம் அட்வான்ஸே வாங்காதவராகக் கருதி, ஆகஸ்ட் 24 வரை பில் போடலாம். அதையும் விட்டால் உரிமையே போய்விடும். கையில் பணம் இருந்தால், அட்வான்ஸ் இல்லாமல் போய் மூன்று மாத அவகாசத்தில் பில் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

நியூ ஜல்பைகுரியில் இறங்கி டார்ஜிலிங்குக்கு ஜீப்பில் ஏறினால் அந்தக் கட்டணம் உங்கள் கைச்செலவுதான். தனியார் வண்டிக்குச் சலுகை இல்லை. மலை ரயிலிலோ அரசுப் பேருந்திலோ போய், டிக்கெட்டைப் பத்திரப்படுத்தி பில்லோடு இணையுங்கள்.