விண்ணப்பக் கடிதத்தில் ஒரு சாதனையை ஒரே பத்தியில் கதையாகச் சொல்வது எப்படி?

கேள்வி: "உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறேன். வேறொரு நிறுவனத்தில் கிடங்கு மேற்பார்வையாளர் பணிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். கடிதத்தில் ஒரு சாதனையைச் சூழ்நிலை, செயல், விளைவு என்று சிறுகதை போலச் சொல்லச் சொல்கிறார்கள். எழுதினால் ஒரு பக்கம் ஓடிவிடுகிறது, சுருக்கினால் வெறும் தற்பெருமையாகத் தெரிகிறது. எப்படி எழுதுவது?"

பதில்:

கிடங்குப் பணிகளுக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்து, யாரை நேர்காணலுக்கு அழைப்பது என்று முடிவு செய்யும் வேலை பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. நீளமும் தற்பெருமையும் இரண்டு தனித்தனிக் குறைகள் போலத் தோன்றினாலும், நான் பார்த்த வரையில் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். சூழ்நிலையை விரிவாகச் சொல்லிவிட்டு விளைவுக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் இருக்க வேண்டிய செயல், "கடுமையாக உழைத்தேன்", "சிறப்பாக நிர்வகித்தேன்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. படிப்பவர் தெரிந்துகொள்ள விரும்புவதோ அந்த நடுப்பகுதியைத்தான்.

முன்பு என்னோடு பணியாற்றிய ஒருவர், உங்களுடையதைப் போன்ற ஒரு பணிக்கு எழுதிய கடிதத்தை என்னிடம் காட்டினார். அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இங்கே தருகிறேன். அவர் முதலில் எழுதிய பத்தி இது:

"எங்கள் கிடங்கில் நீண்ட காலமாகப் பல பிரச்சினைகள் இருந்தன. நிர்வாகம் அவற்றைச் சரியாகக் கவனிக்கவில்லை. வாடிக்கையாளர்கள் தொடர்ந்து புகார் செய்துவந்தனர். இந்த நிலையில் நான் பொறுப்பேற்று, குழுவினரை ஊக்கப்படுத்தி, அயராது உழைத்து, தவறுகளை 67 சதவீதம் குறைத்தேன்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் "பல பிரச்சினைகள்" என்றால் எவை, "தவறுகள்" என்றால் என்ன, அவை குறைந்ததற்கும் இவருக்கும் என்ன தொடர்பு என்ற எதற்கும் பத்தியில் விடை இல்லை. நிர்வாகம் கவனிக்கவில்லை என்ற வரி தேவையற்ற சந்தேகத்தையும் கிளப்புகிறது. நிர்வாகத்தின் தரப்பு என்னவாக இருந்திருக்கும் என்று படிப்பவர் யோசிக்கத் தொடங்கிவிட்டால், எழுதியவரைப் பற்றி யோசிப்பது நின்றுபோகும்.

அவரிடம் சில கேள்விகள் கேட்டேன். மாதத்துக்கு எத்தனை ஆர்டர்கள் போகின்றன, தவறு என்று எதைச் சொல்கிறீர்கள், அதைச் சரிசெய்ய வேறு யாராவது வேறு வழி சொன்னார்களா, அந்த வழியை விட்டு உங்கள் வழியை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டபோது, கதை தானாகவே வெளியே வந்தது. மாதம் சுமார் 4,000 ஆர்டர்கள் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் 120 வரை, பொருள் மாறி வந்துவிட்டது என்று திரும்பி வந்தன. பேக்கிங் மேசையில் ஒவ்வொரு பார்சலையும் இரண்டாவது முறை சரிபார்க்கலாம் என்ற யோசனை மேலாளரிடம் இருந்தது. இவர் அதற்கு முன்பாகத் திரும்பி வந்த சீட்டுகளை எடுத்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார். திருத்திய பத்தி இப்படி அமைந்தது:

"நான் பணிபுரியும் உதிரிபாகக் கிடங்கிலிருந்து மாதம் சுமார் 4,000 ஆர்டர்கள் அனுப்பப்பட்டு வந்தன, அவற்றில் 120 வரை, பொருள் மாறிவிட்டதால் திரும்பி வந்தன. பேக்கிங் மேசையில் இரண்டாவது சரிபார்ப்பு வைக்கலாம் என்ற யோசனை இருந்தது. அதற்கு ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஓர் ஆள் கூடுதலாகத் தேவைப்படும் என்பதால், முதலில் இரண்டு மாத ரிட்டர்ன் சீட்டுகளைப் பொருள் எண் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். பாதிக்கும் மேற்பட்டவை, ஒரே மாதிரிப் பெட்டிகளில் வந்து அடுத்தடுத்து அடுக்கப்பட்டிருந்த 14 பொருள்களால் ஏற்பட்டவை என்று தெரிந்தது. மேலாளரின் ஒப்புதலுடன் அவற்றை வெவ்வேறு ரேக்குகளுக்கு மாற்றினேன். பொருளை எடுப்பவர் பெட்டியில் உள்ள எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைத் தன் பட்டியலில் எழுதிய பிறகே பேக்கிங்குக்கு அனுப்ப வேண்டும் என்ற முறையை இரண்டு ஷிப்டுகளிலும் கொண்டுவந்தேன். நான்காவது மாதத்தில் 3,600 ஆர்டர்களில் 40 மட்டுமே திரும்பின; 100க்கு 3 என்றிருந்த தவறு, 100க்கு 1 என்ற அளவுக்கு வந்தது. கூடுதல் ஆள் தேவைப்படவில்லை."

முதல் பத்தியைவிட இது நீளம்தான். ஆனால் ஒரு பக்கக் கடிதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாது. ஒரு சாதனைக்கு அந்த இடத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். சூழ்நிலைக்கு ஒரு வாக்கியமும் விளைவுக்கு இரண்டு சிறு வாக்கியங்களும் போக, மீதி முழுவதும் செயலுக்கே கிடைத்திருப்பதைக் கவனியுங்கள். நேர்காணல் பயிற்சிகளில் சூழ்நிலைக்கும் செயலுக்கும் நடுவே "உங்களுக்குத் தரப்பட்ட பணி என்ன" என்று இன்னொரு பகுதியையும் பிரித்துச் சொல்லித்தருவார்கள். வாய்மொழியாகப் பேசும்போது அது உதவும். கடிதத்தில் உங்கள் பதவியின் பெயரே அதைச் சொல்லிவிடுவதால், அதற்குத் தனி வாக்கியம் தேவையில்லை.

இந்தப் பத்தியில் மிகுந்த வேலையைச் செய்வது, கைவிடப்பட்ட யோசனையைச் சொல்லும் இரண்டாவது வாக்கியம் என்பது என் கருத்து. பலர் அதை எழுதவே மாட்டார்கள், ஏனென்றால் நடக்காத ஒன்றை ஏன் சொல்ல வேண்டும் என்று தோன்றும். ஆனால் இரண்டு வழிகள் இருந்தன, அவற்றில் ஒன்றுக்குச் செலவு அதிகம், எனவே முதலில் காரணத்தைத் தேடினேன் என்று சொல்லும்போதுதான், செயல் என்பது செய்த வேலைகளின் பட்டியலாக இல்லாமல் ஒரு முடிவாகத் தெரிகிறது. மேற்பார்வையாளர் பணிக்கு ஆள் எடுப்பவர் தேடுவது அந்த முடிவெடுக்கும் திறனைத்தான். யோசனை மேலாளருடையது என்பதைக் கடிதத்தில் குறிப்பிடாமல் விட்டதையும் பாருங்கள். நேர்காணலில் கேட்டால் சொல்லலாம். கடிதத்தில் சொன்னால், மேலாளரைவிட நான் கெட்டிக்காரன் என்ற தொனி வந்துவிடும்.

அடுத்தது அந்த 67 சதவீதம். 120 என்பது 40 ஆனது, ஆகவே மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது என்று அவர் கணக்கிட்டிருந்தார். ஆனால் அதே காலத்தில் ஆர்டர்களும் 4,000இலிருந்து 3,600ஆகக் குறைந்திருந்தன. அனுப்புவது குறைந்தால் திரும்புவதும் ஓரளவு குறையும். ஆர்டர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தவறு 3 சதவீதத்திலிருந்து சுமார் 1.1 சதவீதத்துக்கு வந்திருக்கிறது; அதாவது உண்மையான குறைவு ஏறத்தாழ 63 சதவீதம். வித்தியாசம் சிறியதுதான், ஆனாலும் நேர்காணலில் "அந்த மாதங்களில் ஆர்டர் எப்படி இருந்தது?" என்று ஒருவர் கேட்டுவிட்டால், 67 என்று எழுதியவர் அங்கேயே தடுமாறுவார். 4,000க்கு 120, 3,600க்கு 40 என்று இரண்டு பக்கமும் அடிப்படை எண்ணோடு எழுதியவருக்கு அந்தக் கேள்வியால் ஆபத்து இல்லை. அடிப்படை எண் இல்லாத சதவீதத்தை நான் பொதுவாக நம்புவதில்லை. 3 தவறு 1 ஆனாலும் அதே 67 சதவீதம்தானே.

உங்களிடம் இப்படிப்பட்ட எண்கள் இல்லாமலும் இருக்கலாம். பதிவேடு பராமரிக்கப்படாத கிடங்குகள் ஏராளம். அப்போது எண்ணைக் கற்பனை செய்யாதீர்கள். நீங்கள் கொண்டுவந்த முறை இன்னும் நடைமுறையில் இருக்கிறதா, அடுத்த ஷிப்டோ வேறொரு கிளையோ அதை எடுத்துக்கொண்டதா, வாரந்தோறும் நடந்த அவசரத் தேடல் நின்றுபோனதா என்று பாருங்கள். யாரிடம் விசாரித்தாலும் ஆமாம் என்று சொல்லக்கூடிய மாற்றம் எதுவானாலும் அது விளைவுதான். தோராயமாகத் தெரிந்த எண்ணாக இருந்தால் "சுமார்" என்று போட்டு, அதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லத் தயாராக இருங்கள். வாடிக்கையாளர்களின் பெயர், விற்பனைத் தொகை போன்று இப்போதைய நிறுவனம் வெளியே சொல்ல விரும்பாதவற்றை எழுத வேண்டாம். ஆர்டர் எண்ணிக்கையையே சொல்லக்கூடாது என்றால், 100க்கு 3, 100க்கு 1 என்ற விகிதம் மட்டுமே போதுமானது.

"நான்", "நாங்கள்" விஷயத்தில் பலருக்குத் தயக்கம் இருக்கிறது. சீட்டுகளைப் பிரித்தவர், ரேக் மாற்றத்துக்கு ஒப்புதல் வாங்கியவர் அவர் ஒருவரே என்பதால் அங்கே தன்மை ஒருமை சரியானது. பெட்டிகளைத் தூக்கி மாற்றியது நான்கைந்து பேராக இருக்கலாம். அதை விரிவாகச் சொல்ல விரும்பினால் "குழுவினருடன் மாற்றினேன்" என்று ஒரு சொல்லைக் கூட்டினால் முடிந்தது. பத்தி முழுவதையும் "நாங்கள்" என்று எழுதினால் அடக்கம் தெரியும், ஆள் தெரியமாட்டார்.

எந்தச் சாதனையைத் தேர்ந்தெடுப்பது என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த நண்பரிடம் இன்னொரு கதையும் இருந்தது: புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. அது அவருக்கு மிகவும் பிடித்த கதை. ஆனால் அவர் விண்ணப்பித்த நிறுவனம், புதிய கிடங்கு ஒன்றைத் திறப்பதாகவும் பொருள்களை எங்கே அடுக்குவது என்பதைத் திட்டமிட ஆள் தேவை என்றும் எழுதியிருந்தது. ஆகவே ரேக் கதை முன்னே வந்தது. பயிற்சிக் கதை தன்விவரக் குறிப்பில் ஒரு வரியாக நின்றுகொண்டது. சாதனைப் பத்திக்கு அடுத்த பத்தியை அவர் இப்படித் தொடங்கினார்: "புதிய கிடங்கில் பொருள்களை அடுக்கும் திட்டம் பற்றி விளம்பரத்தில் குறிப்பிட்டிருந்தீர்கள். எந்தெந்தப் பொருள்கள் ஒன்றோடொன்று மாறிப்போகின்றன என்பதை முதலிலேயே கண்டறிந்து அடுக்கினால், நான் பின்னர் திருத்த நேர்ந்ததைத் தொடக்கத்திலேயே தவிர்க்கலாம்." இந்த இணைப்பு வாக்கியம் இல்லாவிட்டால் கதை பழைய நிறுவனத்திலேயே நின்றுவிடும்.

கடைசியாக ஒரு சிறு விஷயம். இதே சாதனை தன்விவரக் குறிப்பிலும் ஒரு வரியாக வரும். அங்கே "63% குறைத்தேன்" என்றும் கடிதத்தில் "100க்கு 3லிருந்து 1" என்றும் இருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர் எந்தக் கணக்கு சரி என்று தேடத் தொடங்குவார். இரண்டிலும் ஒரே எண்கள், ஒரே கால அளவு இருக்கட்டும்.