செலவு பட்ஜெட்டுக்குக் கீழே, அப்புறம் ஏன் கேள்வி? மாங்கூழ் ஆலையின் ஜூன் ரிப்போர்ட்டை வைத்து ஒரு கேள்வி பதில்

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலைகளுக்குக் காஸ்ட் கணக்கு பார்க்கிறேன். வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்லியிருக்கிறேன். முதல் கேள்வியில் உள்ள எண்களை, எந்த ஆலை என்று தெரியாமல் இருக்க, கொஞ்சம் மாற்றி ரவுண்டாக்கிவிட்டேன்.

பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு புரொடக்‌ஷன் மேனேஜர்: அக்கா, ஏப்ரலில்தான் மேனேஜர் ஆனேன். ஜூன் ரிப்போர்ட்டில் பழச் செலவுக்கு மூன்று எண்: பட்ஜெட் 3.60 கோடி, ஃபோர்காஸ்ட் 3.40 கோடி, ஆக்சுவல் 3.36 கோடி. இரண்டையும் விடக் குறைவாகத்தான் செலவு செய்திருக்கிறோம். மீட்டிங்கில் பாராட்டுவார்கள் என்று போனால், "பழம் எங்கே போச்சு?" என்று கேட்கிறார்கள். ஒன்றும் புரியவில்லை.

தம்பி, பணத்தை மட்டும் பார்த்தால் யாருக்குமே புரியாது. அதற்குப் பின்னால் டன்னும் கிலோ விலையும் இருக்கின்றன. நீங்கள் தனியாக அனுப்பியதை வைத்துப் பிரித்துச் சொல்கிறேன்.

பட்ஜெட் மார்ச்சில் போட்டது. மரத்தில் பிஞ்சு நிற்கும்போதே, ஜூனில் 1,000 டன் கூழ் எடுப்போம், ஒரு டன் கூழுக்கு 2 டன் பெங்களூரா பழம் வேண்டும், கிலோ 18 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். 2,000 டன் பழம், 3.60 கோடி. இது ஓனர் கையெழுத்துப் போட்ட திட்டம். அடுத்த மார்ச் வரை அப்படியே நிற்கும், யாரும் தொடமாட்டார்கள்.

ஃபோர்காஸ்ட் மே கடைசியில் போட்டது. வரத்து குறையும், விலை ஏறிவிட்டது என்று அப்போது தெரிந்துவிட்டது. அதனால் 850 டன் கூழ், 1,700 டன் பழம், கிலோ 20 ரூபாய் என்று மாற்றினார்கள். இதற்கு ஓனர் ஒப்புதல் வேண்டாம். இன்றைக்குத் தெரிந்ததை வைத்து, மாதம் எப்படி முடியும் என்று சொல்வது, அவ்வளவுதான்.

ஆக்சுவல் என்பது நடந்தது. நீங்கள் எடுத்த கூழ் 800 டன், கணக்கில் வந்த பழம் 1,680 டன், சராசரி விலை 20 ரூபாய்.

இப்போது பாருங்கள். 3.60 கோடி என்பது 1,000 டன் கூழுக்கான காசு, நீங்கள் எடுத்தது 800 டன். பட்ஜெட் கணக்குப்படி 800 டன்னுக்கு 1,600 டன் பழம், 18 ரூபாய் வீதம் 2.88 கோடிதான் ஆகியிருக்க வேண்டும். ஆனது 3.36 கோடி. 24 லட்சம் மிச்சம் என்று நீங்கள் நினைத்தது உண்மையில் 48 லட்சம் கூடுதல்.

அந்த 48 லட்சத்தில் விலை ஏறியதால் வந்தது 1,680 டன்னுக்குக் கிலோ 2 ரூபாய் வீதம் 33.60 லட்சம். அது பர்ச்சேஸ் சொல்ல வேண்டிய பதில். மீதி 14.40 லட்சம் நீங்கள் சொல்ல வேண்டியது. 800 டன் கூழுக்கு 80 டன் பழம் அதிகமாகப் போயிருக்கிறது, அதற்கு 18 ரூபாய். ஈல்டு, அதாவது பழத்தில் கூழாக வந்த பங்கு, 50 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 47.6-க்கு இறங்கியிருக்கிறது.

ஃபோர்காஸ்ட்டோடு அதே மாதிரி ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். 800 டன்னுக்கு 1,600 டன் பழம், 20 ரூபாய் வீதம் 3.20 கோடி. உங்கள் ஆக்சுவல் 16 லட்சம் கூடுதல். விலை ஏற்றம் ஃபோர்காஸ்ட்டிலேயே அடங்கிவிட்டது, எனவே இந்த 16 லட்சம் முழுக்க அதே 80 டன்தான். செலவைக் கூட்டியதில், மே கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாத விஷயம் அது ஒன்றுதான். அதனால்தான் உங்களை அப்படிக் கேட்டார்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து டேலி பார்க்கும் அக்கவுண்டன்ட்: ஃபோர்காஸ்ட் என்றால் திருத்திய பட்ஜெட்தானே மேடம். நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்ஜெட்டையே மாற்றிவிடுகிறோம். ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும், வித்தியாசமும் பெரிதாக வராது.

திருத்தம் என்பது சரி. ஆனால் திருத்தியதைப் பழையதன் மேலேயே எழுதிவிட்டால், மார்ச்சில் என்ன நினைத்தோம் என்பது அழிந்துவிடும். மேலே உள்ள கேஸில் 18 ரூபாயை 20 ஆக்கிவிட்டால், 33.60 லட்சம் விலை ஏற்றம் ரிப்போர்ட்டிலிருந்து காணாமல் போகும், பேங்கிலிருந்து போன காசு மட்டும் போனதுதான். வித்தியாசம் வராத ரிப்போர்ட்டை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். அரசு பட்ஜெட் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், பட்ஜெட் மதிப்பீடு ஒரு பத்தியில், திருத்திய மதிப்பீடு பக்கத்தில் இன்னொரு பத்தியில் இருக்கும். ஒன்றை அழித்து மற்றதை எழுதுவதில்லை.

இன்னொன்று. முன்பு ஒருமுறை நீங்கள் அனுப்பிய ஷீட்டில் வருஷ பட்ஜெட்டை 12-ஆல் வகுத்து மாதத்துக்குப் போட்டிருந்தீர்கள். சம்பளத்துக்கு அது ஓடும். மாம்பழத்துக்கு ஓடாது. ஏறக்குறைய மே நடுவிலிருந்து ஜூலை வரை பழச் செலவு முழுக்க வந்துவிடும். 12-ஆல் வகுத்தால் ஜூனில் பட்ஜெட்டைப் போல பல மடங்கு செலவு, டிசம்பரில் செலவே இல்லை என்று காட்டும். சீசனை வைத்து மாதவாரியாகப் பிரியுங்கள்.

ஒரு மெயின்டனன்ஸ் இன்சார்ஜ்: ஜூனுக்கு எங்களுக்கு 6 லட்சம் பட்ஜெட் கொடுத்தார்கள், 4 லட்சம்தான் செலவு. மீதி 2 லட்சத்தை ஜூலையில் எடுத்துக்கொள்ளலாமா?

இங்கே கேள்வி வேறு, ஆனாலும் பதில் சொல்லிவிடுகிறேன். பட்ஜெட் என்பது உங்கள் பேரில் எடுத்து வைத்த பணம் இல்லை, மீதியைக் கையில் வைத்துக்கொள்ள. அடுத்த மாதத்துக்குத் தள்ளலாமா என்பது ஒவ்வொரு கம்பெனி விதி, உங்கள் பைனான்ஸைக் கேளுங்கள்.

நான் கேட்பது வேறு. அந்த 2 லட்சம் வேலை நடக்கவே இல்லையா, நடந்து பில் வரவில்லையா, அல்லது ஜூலைக்குத் தள்ளிப்போனதா? பாய்லர் ட்யூப் ஆர்டர் போட்டு இன்னும் வந்து சேரவில்லை என்றால் அது ஆக்சுவலில் இருக்காது, ஜூலை ஃபோர்காஸ்ட்டில் இருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் ஜூனில் நல்ல பேர், ஜூலையில் மாட்டிக்கொள்வீர்கள்.

மறுபடி பர்கூர் மேனேஜர்: அக்கா, 80 டன் வீணாகப் போனது என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஜூன் 30 ராத்திரி யார்டில் பழம் குவிந்து கிடந்தது. ஆக்சுவல் என்றால் உண்மையாக நடந்ததுதானே, அது எப்படித் தப்பாகும்?

நல்ல கேள்வி, இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆக்சுவல் என்பது புத்தகத்தில் ஏறியது. நடந்தது அத்தனையும் ஏறியிருக்கும், நடக்காதது ஏறியிருக்காது என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

பெங்களூரா காயாகத்தான் வரும். பழுக்க வைத்துத்தான் அரைக்கிறோம், சில நாள் யார்டில் இருக்கும். மாதக் கடைசியில் வந்த பழம் கொள்முதலில் ஏறிவிடும், கூழ் அடுத்த மாதம்தான் வரும். அக்கவுண்ட்ஸ் கொள்முதலையே செலவாக எடுத்திருந்தால் உங்கள் ஈல்டு இல்லாத குறையைக் காட்டும். சரியான கணக்கு: ஜூன் 1 காலை இருந்த பழம், அதோடு ஜூனில் வந்தது, அதிலிருந்து ஜூன் 30 இரவு மிஞ்சியதைக் கழிக்க வேண்டும்.

ஒரு பேச்சுக்கு, தொடக்கத்தில் ஒன்றும் இல்லை, கடைசியில் 50 டன் இருந்தது என்று வைத்துக்கொண்டால், அரைத்தது 1,630 டன். ஈல்டு 49 சதவீதம். உங்கள் பக்கக் குறை 14.40 லட்சத்திலிருந்து 5.40 லட்சமாகக் குறையும். ஆனால் ஜூன் 1 அன்றும் யார்டில் பழம் இருந்திருந்தால் எண்ணிக்கை மறுபடி மாறும். அதை நீங்கள் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. ஸ்டாக் எண்ணியவர் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறதா பாருங்கள், ஞாபகத்தை வைத்துப் பேசினால் மீட்டிங்கில் எடுபடாது.

அப்புறமும் 30 டன் மிஞ்சும். அதற்கு எடைமேடைச் சீட்டின் மொத்தத்தை, அரவைக்குள் போன எடையோடு நாள்வாரியாக ஒப்பிடுங்கள். இடைவெளி அங்கேயே இருந்தால், பழுக்கும்போது ஈரம் வற்றியதும் அழுகித் தள்ளியதும் காரணம். இரண்டும் ஒத்துப்போய், கூழ் மட்டும் குறைந்தால், பல்ப்பரில் சல்லடையைப் பாருங்கள், தோலோடும் கொட்டையோடும் சதை வெளியே போகிறது.

ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் ஒருவர்: பில் வராத செலவை எப்படி மேடம் ஏற்றுவது? எங்களுக்கு லாரி வாடகை பில் பத்து நாள் கழித்துத்தான் வரும்.

மாதக் கடைசியில் ப்ரொவிஷன் போடுவார்கள். சரக்கு வந்திருக்கிறது, பில் இல்லை, சுமார் இவ்வளவு என்று பதிவது. அடுத்த மாதம் அதைத் திருப்பிவிட்டு நிஜ பில்லைப் பதிய வேண்டும். திருப்ப மறந்தால் ஒரே வாடகை இரண்டு முறை ஏறும், ஜூலையில் வாடகை திடீரென்று எகிறும். அப்படிப் பார்த்தால் முதலில் இதைத்தான் தேடுங்கள். உங்கள் வேலை, வந்திறங்கிய லாரிப் பட்டியலை முதல் தேதிக்குள் அக்கவுண்ட்ஸுக்குக் கொடுப்பது.

ஓசூர் பக்கம் ரோஜா பண்ணை வைத்திருப்பவர்: நாங்கள் பட்ஜெட் எல்லாம் போடுவதில்லை. பேங்க் லோனுக்கு ஆடிட்டர் ஒரு பிராஜெக்ட் ரிப்போர்ட் போட்டுக் கொடுத்தார். அதை பட்ஜெட்டாக வைத்துக்கொள்ளலாமா?

அது லோன் கிடைக்க எழுதியது. பூ விலையை ஆண்டு முழுக்க ஒரே மாதிரி போட்டிருப்பார், காதலர் தினத்து விலையும் ஆடி மாத விலையும் ஒன்றா சொல்லுங்கள்? அதை பீரோவில் வையுங்கள். உங்களுக்கு வேண்டியது அடுத்த மூன்று மாதத்துக்கு எவ்வளவு வரும், கூலி, உரம், தவணைக்கு எவ்வளவு போகும் என்ற ஒரு தாள். மாதாமாதம் திருத்துங்கள். பட்ஜெட் அடுத்த வருஷம் பார்க்கலாம்.

பெயர் வேண்டாம் என்று கேட்ட ஒரு மேனேஜர்: எங்கள் ஓனர் ஃபோர்காஸ்ட் பட்ஜெட்டை விட்டு இறங்கினாலே கோபப்படுவார். அதனால் கடைசி மாதம் வரை பட்ஜெட் எண்ணையே போட்டுக் கொடுக்கிறோம். என்ன செய்வது?

வருஷத்தின் கடைசி மாதத்தில் எல்லாம் ஒரேயடியாகக் கீழே விழும், கூழ் அடைக்கும் டிரம்மும் பையும் தேவைக்கு மேல் வாங்கிக் குவிந்திருக்கும். பார்த்திருக்கிறேன். பணத்தை விட்டுவிட்டு டன்னை மட்டும் உண்மையாகக் கொடுத்துப் பாருங்கள் என்று சிலரிடம் சொன்னேன். "850 டன்தான் வரும்" என்றால் பழ வரத்தைக் காட்டி வாதாடலாம், கோடியில் சொன்னால் கோபம்தான் வரும். சில இடத்தில் இது நடந்தது, சில இடத்தில் 850 என்று சொன்னவரையே மாற்றிவிட்டார்கள். உங்கள் ஓனர் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.