பிஓ ரேட்டும் பில் ரேட்டும் ஒத்துப்போகலன்னா

பர்ச்சேஸ் ஆர்டர்ல, அதாவது பிஓல ஒரு ரேட், இன்வாய்ஸ்ல வேற ரேட் வந்திருக்கு. பேமென்ட் அப்ரூவ் பண்றதுக்கு முன்னாடி யார்கிட்ட என்ன கேக்கணும்?

முதல்ல பில்லை ஹோல்டுல போட்டுட்டு பர்ச்சேஸ் ஆளுங்ககிட்ட கேளுங்க, வெண்டார்கிட்ட நேரா போகாதீங்க, ஏன்னா பாதி நேரம் ரேட் ஏத்துறதுக்கு பர்ச்சேஸ் ஆளுங்களே மெயில்ல ஓகே சொல்லிட்டு பிஓவ மாத்த மறந்திருப்பாங்க.

கேக்கறப்போ "ரேட் தப்பா இருக்கு"ன்னு மொட்டையா எழுதினா பதில் வராது. பிஓ நம்பர், எத்தனாவது லைன், ரெண்டு ரேட்டு, மொத்த வித்தியாசம் எல்லாம் போடுங்க. உதாரணமா பிஓல 240, பில்லுல 252, வந்த சரக்கு 500னா வித்தியாசம் 6,000. இந்த 12 எங்கேருந்து வந்துச்சுன்னும் பாருங்க, எனக்கு ஒருதடவை தனியா காட்டவேண்டிய லாரி வாடகைய ரேட்டுக்குள்ளயே சேர்த்து அனுப்பிட்டாங்க. வித்தியாசம் 12 மடங்கு மாதிரி பெருசா இருந்தா ரேட் பிரச்சனையே இல்ல, ஒரு பக்கம் பீஸ் இன்னொரு பக்கம் டஜன்னு இருக்கும்.

ஏத்தின ரேட் சரின்னா பர்ச்சேஸே பிஓவ திருத்தி அவங்க மேலதிகாரிகிட்ட அப்ரூவல் வாங்கட்டும். தப்புன்னா வெண்டார்கிட்ட 6,000க்கும் அதுக்கான வரிக்கும் கிரெடிட் நோட் வாங்கிட்டு ஹோல்டை எடுங்க. பில்லு மேட்ச் ஆகணுமேன்னு நீங்களே பிஓ ரேட்ட மட்டும் மாத்திடாதீங்க, ஆடிட்டுல முதல்ல மாட்றது அதுதான்.